பாட்டுக்கு 44.1, படத்துக்கு 48: நான்கு நிமிடப் பாடல் இருபது நொடி குறைந்த கணக்கு

கேள்வி: எங்கள் குழுவின் பாடல் ஒன்றை 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்தோம். எல்லாமே நேரடியாக வாசித்துப் பாடியது. நீளம் சரியாக 4 நிமிடம். அதை ஒரு குறும்படத்தில் சேர்க்க எடிட்டர் 48 கிலோஹெர்ட்ஸில் கேட்டார். புராஜெக்ட் செட்டிங்கில் 44100 என்று இருந்ததை 48000 ஆக மாற்றி எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினேன். படத்தில் பாடல் 3 நிமிடம் 40 நொடியிலேயே முடிகிறது, சுருதியும் ஏறியிருக்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட்டில் எடுத்தால் இந்தத் தொல்லையே வராது என்கிறார் நண்பர். அடுத்து ஒரு படத்துக்குப் பின்னணி இசையும், அதிலிருந்தே ஓர் ஆல்பமும் செய்யப் போகிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்த 3 நிமிடம் 40 நொடியை நீங்கள் குறித்து வைத்தது நல்லதாகப் போயிற்று. பாடல் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால், பிழை எங்கே நடந்தது என்று கோப்பைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து எழுதுகிறோம். 4 நிமிடம், அதாவது 240 நொடிக்கு, 1,05,84,000 அளவுகள். நீங்கள் செட்டிங்கை மாற்றியபோது இந்த எண்ணிக்கை மாறவில்லை. 'நொடிக்கு 48,000 வீதம் வாசி' என்ற கட்டளை மட்டும்தான் மாறியது. 1,05,84,000-ஐ 48,000-ஆல் வகுத்தால் 220.5 நொடி, அதாவது 3 நிமிடம் நாற்பதரை நொடி. உங்கள் பாடல் மாற்றப்படவே இல்லை. அதே பாடல் 8.8 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

சுருதியும் இதே விகிதத்தில்தான் ஏறியிருக்கும். கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால் கீபோர்டில் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை. பாடலுடன் சேர்ந்து வாசித்துப் பாருங்கள்: எந்தக் கட்டையும் பொருந்தாது, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வந்து நிற்கும். இந்தப் பிழையைக் காதாலேயே கண்டுபிடிக்க இதுதான் அடையாளம்.

உங்கள் பாடலில் மிடி ட்ராக் எதுவும் இல்லாததால் முழுப் பாடலும் ஒன்றாக வேகமெடுத்தது. இருந்திருந்தால் மென்பொருள் வாத்தியங்கள் பழைய சுருதியிலும் பழைய காலப்பிரமாணத்திலும் நின்றுகொள்ள, குரல் மட்டும் முன்னால் ஓடியிருக்கும். சில மென்பொருள்கள் புராஜெக்ட் ரேட்டை மாற்றினால் தாமாகவே கோப்புகளையும் மாற்றிக்கொள்கின்றன. சில, கேட்டுவிட்டு மாற்றுகின்றன. சில ஒன்றும் சொல்லாமல் வேகமாக ஓட்டுகின்றன. ஆகவே பதிவு தொடங்கிய பிறகு புராஜெக்ட் ரேட்டில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. மாற்றம் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் சாளரத்தில் செய்யுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: புராஜெக்ட்டைத் திரும்ப 44100-க்கு வைத்து, நீளம் 4 நிமிடம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எக்ஸ்போர்ட் சாளரத்தில் மட்டும் 48000, 24 பிட் என்று தேர்ந்தெடுங்கள். உங்கள் மென்பொருளின் மாற்றியில் நம்பிக்கை இல்லையென்றால் 44100, 24 பிட்டிலேயே எக்ஸ்போர்ட் செய்து, வெளியே sox என்ற கட்டளைவரிக் கருவியில் இப்படி மாற்றலாம்:

```
sox paadal_44.wav -b 24 paadal_48.wav gain -1 rate -v 48000
```

இதில் `gain -1` அழகுக்காகச் சேர்த்ததில்லை. மாற்றும்போது அளவுப் புள்ளிகள் அலையின் வேறு இடங்களில் விழுகின்றன. லிமிட்டரால் 0-க்கு ஒட்டி நிறுத்தப்பட்ட பாடலில், பழைய புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருந்த உச்சம் புதிய புள்ளியாக 0-ஐத் தாண்டிவிடும். தாண்டியது 24 பிட் கோப்பில் வெட்டுப்படும். அதற்கு 1 டெசிபல் இடம் விடுவது பெரும்பாலும் போதும். மிக்ஸ் இன்னும் கையில் இருந்தால் முதலில் ரேட்டை மாற்றி, லிமிட்டரை அதற்குப் பிறகு போடுவது இன்னும் சுத்தம்.

ஒருவேளை மூலப் புராஜெக்ட் தொலைந்து, வேகமாக ஓடும் கோப்பு மட்டுமே மிஞ்சியிருந்தாலும் கவலை இல்லை. அளவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, பெயர்ச்சீட்டுதான் தவறு. நீட்டுவது, சுருதி இறக்குவது போன்ற கருவிகளைத் தொடாதீர்கள். அவை ஒலியைத் துண்டு போட்டு ஒட்டுபவை. சரியான ரேட்டைச் சொல்லி வாசிக்க வைத்து, பிறகு முறையாக மாற்றினால் போதும்:

```
ffmpeg -i thavaru.wav -af "asetrate=44100,aresample=48000" -c:a pcm_s24le sari.wav
```

அனுப்பும் முன் `soxi sari.wav` என்று ஒருமுறை கேளுங்கள். ரேட் 48000, நீளம் 4 நிமிடம் என்று இரண்டும் சேர்ந்து வர வேண்டும். ரேட்டை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் போன தடவை நடந்ததுதான் நடக்கும். அந்தக் கோப்பிலும் 48000 என்றுதானே எழுதியிருந்தது.

படம் ஏன் 48 கேட்கிறது

வழக்கமாகச் சொல்லும் காரணம் பிரேம் கணக்கு. நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேமுக்கு 48 கிலோஹெர்ட்ஸில் சரியாக 2,000 அளவுகள் வரும். 44.1-இல் 1,837.5 வரும். அரை அளவு என்று ஒன்று கிடையாது, எனவே பிரேம் எல்லையில் வெட்டும்போது கணக்கு இடிக்கும். ஆனால் 25 பிரேம் படத்தில் 48-க்கு 1,920, 44.1-க்கு 1,764 என்று இரண்டுமே முழு எண்தான். 29.97 பிரேமில் 48-க்கே 1,601.6 என்று பின்னம் வந்து, ஐந்து பிரேமுக்கு ஒருமுறைதான் 8,008 என்று நேராகிறது. ஆகவே கணக்கு மட்டும் காரணமில்லை.

நடைமுறைக் காரணம் இன்னும் எளிது. கேமரா, எடிட்டிங் டைம்லைன், வசனப் பதிவு, டிவிடி, ப்ளூ-ரே, திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதி என்று அந்தச் சங்கிலியில் எதை எடுத்தாலும் 48-தான் அடிப்படை. அதற்குள் 44.1 நுழைந்தால் எங்கோ ஒரு இடத்தில் மாற்றியாக வேண்டும். அந்த மாற்றம் எடிட்டரின் மென்பொருளில், யாரும் கவனிக்காத நேரத்தில், எந்தத் தரத்தில் நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. நீங்களே 48-இல் கொடுத்துவிட்டால் அது உங்கள் காதுக்கு முன்னால் நடந்து முடிந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், 44.1 என்ற எண்ணே வீடியோவிலிருந்து வந்தது. குறுந்தகட்டுக்கு முந்தைய டிஜிட்டல் பதிவுகளை வீடியோ நாடாவில் எழுதினார்கள். ஒரு கோட்டுக்கு 3 அளவுகள், ஒரு புலத்துக்கு, அதாவது அரைப் பிரேமுக்கு, 245 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள்: பெருக்கினால் 44,100. நொடிக்கு 50 புலம் ஓடும் முறையில் 294 கோடுகள், அதுவும் 44,100. 1982-இல் வந்த குறுந்தகடு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டது. இசைக்கென்று யாரும் தேடிப் பிடித்த எண் இல்லை அது.

அடுத்த வேலைக்கு

படத்துக்கும் ஆல்பத்துக்கும் ஒரே பதிவு என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆல்பத்துக்கு 44.1-தான் வேண்டும் என்று குறுந்தகடு மட்டுமே கேட்கும், அதையும் கடைசியில் ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிடலாம். படமே இல்லாத, பாட்டு மட்டும் என்ற வேலையாக இருந்தால் 44.1 போதும். 48 வைத்தாலும் குற்றமில்லை. ரேட்டில் பாதி எதுவோ அந்த அதிர்வெண் வரை பதிவாகும்: 44.1-இல் 22.05 கிலோஹெர்ட்ஸ், 48-இல் 24. மனிதக் காது அதிகபட்சம் ஏறக்குறைய 20 வரைதான் கேட்கும். எனவே இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. போகும் இடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

44.1-இன் இரட்டிப்பு 88.2 என்பதால் அங்கிருந்து இறக்கினால்தான் சுத்தமாக இருக்கும், 48-லிருந்து 44.1-க்கு வருவது கரடுமுரடு என்றும் சிலர் சொல்வார்கள். பழைய மாற்றிகளுக்கு அது உண்மை. இன்றைய நல்ல மாற்றிக்கு 2-க்கு 1 என்ற விகிதமும் 160-க்கு 147 என்ற விகிதமும் ஒன்றுதான்.

96 பற்றி உங்கள் நண்பர் சொன்னது: நீங்கள் செய்த பிழையை அது தடுத்திருக்காது. 96-இல் எடுத்த கோப்பை மாற்றாமல் 48 என்று வாசித்தால் பாடல் 8 நிமிடம் ஓடும், குரல் ஒரு ஸ்தாயி இறங்கும். உடனே தெரிந்துவிடும் என்பது மட்டும்தான் லாபம். 96-க்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. பிறகு பாதி வேகத்தில் ஓட்டிக் கனமாக்கப் போகும் சத்தங்களை, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வாங்கக்கூடிய மைக்கில் எடுக்கும்போது 96 வைக்கலாம். கதவு, உலோகம், கண்ணாடி போன்றவை. வேகம் பாதியானாலும் மேல்பகுதி காலியாகாது. பாடலுக்கும் பின்னணி இசைக்கும் அந்தத் தேவை இல்லை. கோப்பும் கணினியின் வேலையும் இரண்டு மடங்காவதுதான் மிச்சம்: 24 பிட்டில் ஒரு ட்ராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் ஆக இருந்தது 17.28 ஆகும்.

பிட்டைத் தீர்மானிப்பது அறையின் இரைச்சல்

சாம்பிள் ரேட் எவ்வளவு அடிக்கடி அளக்கிறோம் என்பது. பிட், ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல், மொத்தத்தில் கூடவே ஓர் 2 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்படி 16 பிட்டுக்கு 98 டெசிபல், 24 பிட்டுக்கு 146 டெசிபல் வீச்சு.

இதை ஒரு பாடகரோடு வைத்துப் பார்ப்போம். அமைதியான அறையின் இரைச்சல் 30 டெசிபல், மைக்குக்கு அருகில் உச்சத்தில் பாடுவது 110 டெசிபல் என்று கொள்வோம். நடுவில் 80. உச்சம் எகிறினாலும் வெட்டுப்படாமல் இருக்க, மீட்டரில் உச்சத்தை −12-இல் நிறுத்துகிறீர்கள். அறை இரைச்சல் −92-இல் வந்து உட்காரும். 16 பிட்டின் அடித்தளம் −98, கிட்டத்தட்ட அதே உயரம். பிறகு கம்ப்ரஸர் போட்டு மெல்லிய பகுதிகளை 15, 20 டெசிபல் தூக்கினால், அறையோடு சேர்ந்து எழுத்தின் சொரசொரப்பும் மேலே வரும். 24 பிட்டில் அந்தத் தொல்லை இல்லை. நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸின் உண்மையான அடித்தளம் −110-லிருந்து −120 வரை இருக்கும். அறை இரைச்சல் அதற்கு மேலே வெகுதூரத்தில் நிற்கும், எவ்வளவு தூக்கினாலும் நீங்கள் கேட்பது அறையைத்தான்.

ஆகவே 24 பிட்டில் மீட்டரைச் சிவப்புக்கு அருகில் தள்ளி எடுக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடலாம். சராசரி −18 பக்கம், உச்சம் −12-க்கும் −10-க்கும் நடுவில். ஒத்திகையில் பாடுவதைவிட டேக்கில் எல்லோரும் சத்தமாகவே பாடுவார்கள், அதற்கும் அந்த இடம் வேண்டும்.

32 பிட் ஃப்ளோட்டைப் பற்றிய குழப்பம், அது இரண்டு வேறு இடங்களில் வருவதால். மிக்ஸ் செய்யும் மென்பொருளுக்குள் அது மிகவும் நல்லது. 0-ஐத் தாண்டிய ஒலியும் கோப்பில் பத்திரமாக இருக்கும், பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ட்ராக்குகளைக் கொண்டுபோக அதையே பயன்படுத்துங்கள். பதிவு செய்யும்போது கதை வேறு. உங்கள் இன்டர்ஃபேஸில் இருப்பது 24 பிட் மாற்றி என்றால், அங்கே வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். அதை 32 பிட் கோப்பில் எழுதினால் அலையின் தட்டையான உச்சி தட்டையாகவே பெரிய கோப்பில் இருக்கும். ஒரே மைக்குக்கு இரண்டு மாற்றிகள் வைத்து, ஒன்று மெல்லியதையும் மற்றொன்று சத்தத்தையும் பிடிக்கும் களப் பதிவுக் கருவிகள் இருக்கின்றன. 32 பிட் ஃப்ளோட் உண்மையில் காப்பாற்றுவது அங்கேதான், முக்கியமாக யார் எப்போது கத்துவார் என்று தெரியாத படப்பிடிப்பில். அப்போதும் மைக்கே திணறினால் எந்தப் பிட்டும் உதவாது.

படத்துக்கு 24 பிட்டிலேயே கொடுங்கள். வசனத்துக்கு அடியில் உங்கள் இசையை அவர்கள் 20 டெசிபல் இறக்குவார்கள், காலி இடத்தில் ஏற்றுவார்கள். 16 பிட்டில் கொடுத்தால் அந்த ஏற்ற இறக்கத்துக்கு இடமே இருக்காது. 16 பிட் குறுந்தகட்டுக்கு மட்டும், அதுவும் கடைசிப் படியாக:

```
sox album_48.wav -b 16 album_cd.wav gain -1 rate -v 44100 dither
```

`dither` என்பது மிக மெல்லிய இரைச்சலைத் தெரிந்தே சேர்ப்பது. அதைப் போடாமல் கீழ்ப் பிட்டுகளை வெட்டியெறிந்தால், பாடல் மங்கி மறையும் கடைசி இரண்டு மூன்று நொடிகளில் எதிரொலி வழுவழுப்பாகக் கரையாமல் மணல்போல நெறுநெறுக்கும். ஹெட்ஃபோனில் ஒலியைக் கூட்டி அந்த முடிவை மட்டும் கேட்டால் தெரியும். 16 பிட்டுக்கு இறங்கும்போது ஒரே ஒருமுறை போட்டால் போதும்.

பதிவுக்கு முன் ஒரு நிமிடச் சோதனை

புராஜெக்ட்டில் 48000 என்று போட்டாலும் இன்டர்ஃபேஸ் அதையே கேட்கும் என்ற உறுதி இல்லை. பிரவுசரோ வீடியோ பிளேயரோ பின்னால் திறந்திருந்து இன்டர்ஃபேஸை 44100-க்கு இழுத்து வைத்திருக்கலாம். டிஜிட்டல் கேபிளில் வரும் இன்னொரு கருவியின் கடிகாரத்தை அது பின்பற்றிக்கொண்டிருக்கலாம். புராஜெக்ட் 48 என்று நம்ப, நொடிக்கு 44,100 அளவுகள்தான் வந்து சேரும். முழு நாள் பதிவு முடிந்து மறுநாள் திறக்கும்போது எல்லாம் வேகமாக ஓடும்.

எனவே புராஜெக்ட் ரேட், இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுச் சாளரம், கணினியின் ஒலி செட்டிங் மூன்றிலும் 48000 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு தட்டு. பதிவான தட்டுகளுக்கு நடுவே 60 நொடி இருந்தால் சரி. 55 நொடி என்று வந்தால் மேலே சொன்ன பிழை. தட்டுகள் சரியாக இருந்தும் நடுவில் டிக் டிக் என்று சீராக இல்லாத சொடுக்குகள் கேட்டால், இரண்டு டிஜிட்டல் கருவிகள் தத்தம் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒன்றைத் தலைமையாக வைத்து மற்றதை அதற்குப் பின்தொடரச் செய்ய வேண்டும்.

நீளம் வேறு விதமாகத் தவறினால்

அடுத்த படத்தில் பாடல் பொருந்தவில்லை என்று செய்தி வந்தால், முதலில் எவ்வளவு நொடி என்று கேளுங்கள். 4 நிமிடப் பாடல் 3 நிமிடம் 50 நொடியாகியிருந்தால் சாம்பிள் ரேட்டின் மேல் பழி இல்லை. 24 பிரேம் படத்தை 25-இல் ஓட்டியிருக்கிறார்கள். கால் நொடி, அதாவது கிட்டத்தட்ட 6 பிரேம் மட்டும் விலகினால் 24-க்கும் 23.976-க்கும் நடுவே உள்ள 0.1 சதவீதம். இசையமைக்க உங்களுக்கு வந்த மாதிரிப் படம் ஒரு வேகத்திலும் இறுதிப் படம் இன்னொரு வேகத்திலும் இருந்திருக்கும். இதைத் தவிர்க்க, முதல் நாளே பிரேம் வேகத்தைத் தசமத்தோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். '24' என்று வாயால் சொல்பவர்களில் பலர் 23.976-ஐத்தான் சொல்கிறார்கள்.

தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு தள்ளி நின்றால் அது ரேட்டே இல்லை. வைத்த இடம் தவறு, அல்லது எம்பி3 ஆக அனுப்பியிருக்கிறீர்கள். எம்பி3 தன் பங்குக்கு முன்னால் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துக்கொள்ளும். படத்துக்கு .wav மட்டும் அனுப்புங்கள்.

ஒரு மணி நேர நேரடி நிகழ்ச்சியில் கேமராவும் தனி ரெக்கார்டரும் இரண்டுமே 48-இல் ஓடியும், முடிவில் உதடும் குரலும் இரண்டு பிரேம் விலகுவது உண்டு. ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் பத்து லட்சத்தில் சில பங்கு முன்பின்னாக ஓடும். 20 பங்கு வித்தியாசம் என்றால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி. உங்கள் 4 நிமிடப் பாடலில் அது 5 மில்லிநொடிகூட வராது, அதனால் இதற்காக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

ஏற்கனவே 44.1-இல் எடுத்து வைத்திருக்கும் மற்ற பாடல்களின் புராஜெக்ட்களை 48-க்கு மாற்றி வைக்காதீர்கள். அவை இருக்கும்படியே இருக்கட்டும். படத்துக்குத் தேவைப்படும் அன்று, முடிந்த மிக்ஸை மட்டும் மாற்றிக் கொடுங்கள். கோப்பின் பெயரிலேயே ரேட்டையும் நீளத்தையும் எழுதிவிட்டால், `paadal_48k_24b_4m00s.wav` என்பதுபோல, எடிட்டர் டைம்லைனில் போட்ட நொடியே 3:40 என்று தெரிந்தால் அவரே உங்களை அழைப்பார்.